விலக்குவாதம், உள்ளடக்குவாதம், பன்மைவாதம்: பல்சமய உரையாடல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தலைப்பில் குறுங்கட்டுரை எழுத வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்று நிலைப்பாடுகளையும் வெறும் வரையறைகளாக ஒப்பிட்டால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் பல பதில்கள் 1940களின் காஞ்சிபுரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்.

மூன்றும் என்னென்ன? முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே கேள்விக்கு வந்த மூன்று பதில்கள் இவை. என் சமயத்தைச் சேராத ஒருவருக்கு மீட்பு உண்டா? (முக்தி, வீடுபேறு என்று எந்தப் பெயர் சொன்னாலும் சரி.) உண்டென்றால் எதன் வழியாக?

உண்மையும் மீட்பும் என் சமயம் காட்டும் வழியில் மட்டுமே என்பவர் விலக்குவாதி. மற்றவருக்கும் உண்டு, ஆனால் அவர் அறியாமலே என் இறைவன்தான் அதை அவருக்குத் தருகிறார் என்பவர் உள்ளடக்குவாதி. பெரிய சமயங்கள் எல்லாமே தத்தம் வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஒன்று மற்றதற்கு மேலில்லை என்பவர் பன்மைவாதி.

இப்படி மூன்றாகப் பிரித்தது யார்? இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமா, நமக்கும் பொருந்துமா?

ஆலன் ரேஸ் என்ற ஆங்கிலிக்கன் குரு 1983இல் வெளியிட்ட நூலில் இந்தப் பிரிப்பு இடம்பெற்றது. அதிலிருந்துதான் எங்கும் பரவியது. அவர் எழுதியது கிறிஸ்தவ இறையியலுக்காக. அவருடைய சாய்வு பன்மைவாதத்தின் பக்கம். அதனால்தான் பல பாடநூல்களில் இந்த மூன்றும் படிக்கட்டு மாதிரி தெரிகின்றன: கீழ்ப்படியில் விலக்குவாதம், மேற்படியில் பன்மைவாதம். உங்கள் கட்டுரை அந்தப் படிக்கட்டில் தன்னையறியாமல் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயர்தான் புதிது, சங்கதி பழையது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பாடியிருக்கிறார்: 'யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்.' நீங்கள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக அங்கே வருபவர் சிவன்தான் என்கிறார். உள்ளடக்குவாதத்துக்கு இதைவிடத் தெளிவான ஒரு கூற்றை நான் எந்த மொழியிலும் படித்ததில்லை. மேடைகளில் இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டு நிற்பதில்லை. அந்தத் தெய்வங்கள் 'வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், மேல்வினையும் செய்யும்', இவை இல்லாத சிவனே அறிந்து அருள்செய்வான் என்று முடிகிறது. முதல் பாதி கதவைத் திறக்கிறது, இரண்டாம் பாதி உள்ளே வந்தவருக்கு எந்த இடத்தில் இருக்கை என்று சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை நினைவில் வைத்திருங்கள், கடைசிக் கேள்வியில் மறுபடி வரும்.

அதே நூலின் பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் என ஒவ்வொருவர் கொள்கையையும் அவர்கள் தரப்பில் நின்று முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு மறுக்கிறார் ஆசிரியர். ஒரே ஆள் ஓரிடத்தில் அணைக்கிறார், இன்னோரிடத்தில் வாதிடுகிறார். ரேஸின் மூன்று பெட்டிகளில் ஒன்றில் மட்டும் அவரை அடைக்க முடியாது.

தன் சமயம் மட்டுமே உண்மை என்று நம்புகிறவர் எப்படி உரையாட வருவார்? அது வெறும் மதப் பிரச்சாரமாகிவிடாதா?

ஆகலாம். ஆகாமலும் போயிருக்கிறது. இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் காட்சி 1935. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மெதடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ், சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தைச் சந்தித்தார். மற்றச் சமயங்கள் எல்லாம் அவிசுவாசமே என்றார் பார்த். நைல்ஸ் கேட்டார்: நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள்? ஒருவரையும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் இந்து சமயம் அவிசுவாசம் என்று எப்படித் தெரியும்? அது முன்கூட்டியே தெரிந்த விஷயம் என்றார் பார்த். நைல்ஸ் தலையை ஆட்டிப் புன்னகைத்துக்கொண்டாராம். பின்னாளில் அவரே எழுதியது இது.

இரண்டாம் காட்சி சில ஆண்டுகள் கழித்து, காஞ்சிபுரத்தில். லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுப்பிய ஆங்கிலேய மிஷனரி. பின்னாளில் மதுரை இராமநாதபுரம் பேராயராகவும் அதன்பின் சென்னைப் பேராயராகவும் இருந்தவர். இயேசுவில்தான் கடவுள் இறுதியாக வெளிப்பட்டார் என்பதில் கடைசிவரை அசையாதவர். அவர் வாரத்தில் ஒரு மாலை ராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதங்களையும் நற்செய்தி நூல்களையும் சேர்ந்து படித்தார்.

நம்பிக்கையின் உறுதியில் பார்த்துக்கும் நியூபிகினுக்கும் பெரிய தூரமில்லை. தூரம் இருப்பது வேறிடத்தில். ஒருவருடைய தீர்ப்பு சந்திப்புக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. மற்றவர் தன் உறுதியைக் கையோடு கொண்டுபோய்ப் பாயில் உட்கார்ந்தார், எதிராளியின் நூலை எதிராளியின் வாயிலிருந்தே கேட்டார். எனவே 'விலக்குவாதம் உரையாடலுக்கு எதிரானது' என்று ஒரே வரியில் எழுதினால் காஞ்சிபுரத்தை மறைத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

அப்படியென்றால் விலக்குவாதத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது, அதைச் சரியான இடத்தில் காட்டவேண்டும். சகிப்புத்தன்மை இல்லை என்பது பழக்கதோஷத்தில் எழுதுகிற குறை. எதிரே இருப்பவரிடம் கண்கூடாகத் தெரியும் இறையனுபவத்தை விளக்க இந்த நிலைப்பாட்டிடம் சொல் இல்லை என்பதுதான் உண்மையான குறை.

இந்தக் குறையை எடுத்துவைத்தவர் அதே முகாமைச் சேர்ந்த ஒருவர். 1938 டிசம்பரில் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், அனைத்துலக மிஷனரி மாநாடு நடந்தது. முதலில் சீனாவில் நடத்துவதாக இருந்தார்கள், போர் வந்ததால் இங்கே மாற்றினார்கள். அதற்காகவே டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். ஒவ்வொரு சமயமும் பிரிக்கமுடியாத ஒரு முழுமை, அதிலிருந்து நல்ல பகுதியை மட்டும் உருவி கிறிஸ்தவத்துக்குப் பாலம் கட்டமுடியாது என்பது அவர் வாதம். இதை எதிர்த்தவர்களில் ஏ. ஜி. ஹாக் முக்கியமானவர். 1903 முதல் அதே கல்லூரியில் இந்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லி, முதல்வராகவும் இருந்தவர். சமய அமைப்புகள் வேறு, அவற்றுக்குள் வாழும் மனிதரின் நம்பிக்கை வேறு என்றார். அந்த மனிதர் உண்மையிலேயே கடவுளோடு உறவில் வாழ்கிறார் என்று நேரில் பார்த்தபிறகும் அதை மனித முயற்சி என்று மட்டும் எப்படி ஒதுக்குவது என்பது அவர் கேள்வி. கிரேமரின் கட்டுமானத்தில் இதற்கு நேரான பதில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

உள்ளடக்குவாதம் நல்ல நடுவழிதானே? யாரையும் புண்படுத்தாது இல்லையா?

நம் ஊரில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். மூன்றிலும் அதிகம் பேசப்படவேண்டியதும் இதுதான் என்பது என் கருத்து. நல்ல மனத்தோடு பேசுகிற பெரும்பாலோர் உள்ளடக்குவாதிகள். அது அவர்களுக்கே தெரியாது.

மறுபடி காஞ்சிபுரத்துக்குப் போவோம். அந்த மடத்தின் பெரிய கூடத்தில் உலகின் சமய ஆசான்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அவற்றில் இயேசுவின் படமும் ஒன்று. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அன்று அந்தப் படத்துக்கு வழிபாடு நடக்கும். துறவிகளுக்கு அது மனமார்ந்த மரியாதை. நியூபிகின் கண்ணுக்கோ, இயேசு இந்து உலகப் பார்வைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார் என்று தெரிந்தது. வரிசையில் ஒரு படமாக அவர் வந்துவிட்டார், அதனால் அந்த வரிசையைத் தொந்தரவு செய்யமுடியாதவர் ஆகிவிட்டார். இதே போல மேற்கத்தியப் பண்பாட்டுக்குள் தானும் இயேசுவை இழுத்து வைத்திருப்பது மெல்ல மெல்லத்தான் தனக்குப் புரிந்தது என்றும் நியூபிகின் எழுதினார். அந்தப் புரிதல் அவருக்குக் கிடைக்க அடுத்தவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படம் தேவைப்பட்டது.

கிறிஸ்தவப் பக்கத்திலும் இதே செயல்தான். இந்தியாவில் பணியாற்றிய மிஷனரி ஜே. என். ஃபர்குஹர் 1913இல் எழுதிய நூல் கிறிஸ்துவை இந்து சமயத்தின் மகுடம் என்றது. இந்து சமயத்தின் தேடல்கள் எல்லாம் அவரிடம் நிறைவு பெறுகின்றன என்பது அதன் சாரம். ஹாக் இதையும் ஏற்கவில்லை. அவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும்: பசிக்காதவனுக்கு இலைபோட்டுவிட்டு, உன் பசியைத் தீர்த்தேன் என்று சொல்லமுடியாது. கர்மத்தையும் பிறவிச் சுழலையும் நினைத்து வாழ்பவர் தேடுவது அந்தச் சுழலிலிருந்து விடுதலை. பாவமன்னிப்பு என்ற பதில் வேறொரு கேள்விக்கு உரியது. அதைக் கொண்டுவந்து 'உன் தேடலின் நிறைவு இதுதான்' என்றால், அவர் எதைத் தேடினார் என்று நாம் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் 'பெயரறியாக் கிறிஸ்தவர்' என்ற கருத்தை 1960களில் வளர்த்தார். கிறிஸ்துவை அறியாமலே அவர் அருளால் வாழ்பவர் என்று பொருள். ஜப்பானிய மெய்யியலாளர் நிஷிதானி அவரிடம் கேட்டார்: உங்களைப் பெயரறியா ஜென் பௌத்தர் என்று நான் சொன்னால்? உங்கள் பார்வையில் நீங்கள் அப்படிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும், எனக்கு அது பெருமை என்று பதில் சொன்னார் ரானர். நேர்மையான பதில். ஆனால் இதற்குப்பின் உரையாடல் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் உங்களை என் பெட்டியில் வைப்பேன், நீங்கள் என்னை உங்கள் பெட்டியில் வையுங்கள். இருவரும் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒருவர் மற்றவரிடமிருந்து புதிதாக ஒன்றைக் கேட்கவேண்டிய கட்டாயமே அங்கே இல்லை.

ரானர் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. அவர் அதை உரையாடல் மேசையில் வைக்கும் சொல்லாக எழுதவில்லை. திருச்சபைக்கு வெளியே உள்ளவர்களைக் கடவுள் கைவிடமாட்டார் என்று கிறிஸ்தவர்களுக்கே விளக்க எழுதினார். வீட்டுக்குள் பேசுவதற்கான மொழி அது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும்போதுதான் சிக்கல்.

எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்வதுதானே உண்மையான மரியாதை? பன்மைவாதத்தில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்?

பன்மைவாதிகளில் ஆங்கிலேயச் சமய மெய்யியலாளர் ஜான் ஹிக் மிகக் கவனமானவர், அவரைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். 1967இல் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு வந்தார். அங்கே பள்ளிவாசல், யூதத் தொழுகைக்கூடம், குருத்வாரா, இந்துக் கோவில் என்று போய்ப் பார்த்தபோது, எல்லா இடத்திலும் மனிதர்கள் ஒரேபோலத் தன்னலத்திலிருந்து வெளியே வர முயல்வதைக் கண்டார். இந்த அனுபவம்தான் அவர் கொள்கையின் அடித்தளம், அதை மதித்தே ஆகவேண்டும். 1973இல் சமயங்களுக்கு ஒரு கோப்பர்நிக்கஸ் திருப்பம் வேண்டும் என்றார். நடுவில் இருப்பது கிறிஸ்தவம் அல்ல, கடவுள். எல்லாச் சமயங்களும் அவரைச் சுற்றும் கோள்கள். பிற்பாடு, கடவுளை நம்பாத பௌத்தர்களுக்கும் இடம் வேண்டுமே என்று, 'கடவுள்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மெய்ப்பொருள்' என்ற பொருள்படும் ஒரு பொதுச்சொல்லுக்கு மாறினார். அது ஆளும் அல்ல, ஆளற்றதும் அல்ல. நல்லது, கெட்டது என்ற சொற்களும் அதற்குப் பொருந்தா.

இங்கேதான் இடிக்கிறது. மெய்ப்பொருள் நல்லதும் இல்லை என்றால், அதற்கு அன்போடு பதில் சொல்லும் சமயம் சரி, வெறுப்போடு சொல்வது தவறு என்று எதை வைத்துச் சொல்வது? ஹிக் அன்பைத்தான் அளவுகோலாக வைத்தார். அந்த அளவுகோல் மெய்ப்பொருளிலிருந்து வரவில்லை, சமயங்களிலிருந்து வந்தது.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். இயேசுவை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது குர்ஆன் 4:157. அவர் சிலுவையில் இறந்தார் என்பது கிறிஸ்தவத்தின் மையம். ஹிக்கின் வழியில், இது வரலாற்றுக் கேள்வி, மீட்புக்கு இன்றியமையாதது அல்ல என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இறைவசனத்தின் உண்மை எனக்கு இன்றியமையாதது என்பார் முஸ்லிம். சிலுவை இன்றி எனக்கு மீட்பே இல்லை என்பார் கிறிஸ்தவர். இருவருக்கும் எது முக்கியம் என்று மூன்றாவது ஆள் முடிவு செய்கிறார்.

குருடர்கள் தடவிப்பார்த்த யானைக் கதையைப் பற்றி நியூபிகின் சொன்னதும் இதுதான். கதை சொல்பவருக்கு முழு யானையும் தெரிகிறது. தெரியாவிட்டால், மற்றவர்கள் தடவுவது காதும் வாலும் என்று அவரால் சொல்லவே முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நடந்த பல்சமயக் கூட்டத்தில் நான்கு பேச்சாளர்களும் 'எல்லாம் ஒன்றே' என்று பேசி அமர்ந்தார்கள். ரமலான் மாதம் அது. முடிந்ததும் ஒரு முஸ்லிம் மாணவி என்னிடம் வந்து சொன்னாள்: "சார், எல்லாரும் ஒண்ணுன்னு சொன்னாங்க. நான் எதுக்கு நோன்பு வைக்கிறேன்னு ஒருத்தரும் கேக்கல." அவளுடைய குறையை ஹிக்கின் எந்தப் பக்கத்துக்கு எதிரேயும் எழுதி வைக்கலாம்.

பன்மைவாதமும் உண்மையில் விலக்குவாதம்தான் என்கிறார்களே, சரியா?

கத்தோலிக்க இறையியலாளர் கேவின் டிகோஸ்டா 1996இல் அப்படி வாதிட்டார். எல்லோரும் ஏதோ ஓர் அளவுகோலை வைத்துத்தான் சிலதை ஏற்கிறார்கள், சிலதைத் தள்ளுகிறார்கள் என்பது அவர் வாதம். பாதி சரி என்பேன். அளவுகோல் இல்லாதவர் யாருமில்லை என்பது உண்மை. ஆனால் 'என் சமயத்தில் மட்டுமே மீட்பு' என்பதும் 'அன்புள்ள எந்தச் சமயத்திலும் மீட்பு' என்பதும் நடைமுறையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றல்ல. இந்த வாதத்தைக் கட்டுரையில் பயன்படுத்தலாம், அதையே முடிவாக வைக்காதீர்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை எந்தப் பெட்டியில் வரும்?

பொதுவாக உள்ளடக்குவாதத்தில் வைப்பார்கள். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற பழைய வாக்கியத்தை மிகக் கடுமையாகப் பொருள்கொண்டு போதித்த பாஸ்டன் குரு லெனார்ட் ஃபீனி, ரோமின் அழைப்புக்குக் கீழ்ப்படிய மறுத்து 1953இல் திருச்சபையிலிருந்தே நீக்கப்பட்டார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. 2000இல் வந்த ஆவணம் கிறிஸ்துவின் தனித்தன்மையை மறுபடி இறுக்கிச் சொன்னது.

நியூபிகினை விலக்குவாதி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

அப்படி மட்டும் எழுதினால் நான் குறைப்பேன். 1989இல் அவரே மூன்று பெட்டிகளையும் எடுத்துத் தன்மேல் அளந்து பார்த்தார். கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டின் உண்மை தனித்தது என்பதில் நான் விலக்குவாதி, ஆனால் கிறிஸ்தவரல்லாதாருக்கு மீட்பில்லை என்று சொல்லமாட்டேன். அருளைத் திருச்சபைக்குள் அடைக்காததில் உள்ளடக்குவாதி, ஆனால் பிற சமயங்களை மீட்பின் வாகனங்கள் என்று ஏற்கமாட்டேன். எல்லா மனிதர் வாழ்விலும் கடவுள் செயல்படுகிறார் என்பதில் பன்மைவாதி, ஆனால் கிறிஸ்துவின் தனித்தன்மையைக் கைவிடமாட்டேன். இது அவர் கருத்தின் சாரம்.

மழுப்பல் என்று சில மாணவர்கள் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உண்மை எங்கே என்பது ஒரு கேள்வி, யாருக்கு மீட்பு என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டதால்தான் பெட்டிகள் அவருக்குப் போதவில்லை. உங்கள் ஒப்பீட்டில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

குறுங்கட்டுரையை எப்படி அமைப்பது? பத்துப் பக்கம்தான் இருக்கிறது.

மூன்று வரையறைகளுக்கு ஒரு பக்கம் போதும். பிறகு உண்மையில் நடந்த ஒரு சந்திப்பை எடுங்கள், அதன்மேல் மூன்று நிலைப்பாடுகளையும் வைத்துப் பாருங்கள். காஞ்சிபுரக் கூடத்தை எடுத்தால், அந்தப் படவரிசையைக் கிரேமர் எப்படிப் பார்த்திருப்பார், ரானர் எப்படி, ஹிக் எப்படி? ஒவ்வொருவர் விளக்கத்தையும் எழுதியபின் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: விவரிக்கப்பட்ட மனிதர் இதைப் படித்தால், ஆமாம், இது நான்தான் என்று சொல்வாரா? மடத்துத் துறவி கிரேமரின் வரிகளில் தன்னைக் காண்பாரா? காணமாட்டார் என்று எழுதினால் ஏன் என்று சொல்லவேண்டும். விமர்சன ஒப்பீடு என்பது அந்த 'ஏன்' பகுதியில்தான் நடக்கிறது.

எந்த நிலைப்பாட்டையும் அதன் பலவீனமான ஆளை வைத்து மதிப்பிடாதீர்கள். தெருமுனையில் கத்துகிறவரை விலக்குவாதத்துக்கும், வாட்ஸ்அப் வாசகத்தைப் பன்மைவாதத்துக்கும் பிரதிநிதியாக எழுதிய கட்டுரைகள் எனக்கு நிறைய வருகின்றன.

நீங்கள் எந்த நிலைப்பாட்டில் இருக்கிறீர்கள்?

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், பழக்கத்தால் உள்ளடக்குவாதி. 'யாதொரு தெய்வம் கொண்டீர்' என்பது எங்கள் வீட்டில் அப்பா அடிக்கடி சொல்லும் வரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிறிஸ்தவ சக ஆசிரியையிடம், உங்கள் இயேசுவும் எங்கள் சிவன்தானே அக்கா என்று அன்போடுதான் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்: "அப்போ சிலுவையில செத்தது யாருப்பா?"

அன்று இரவு பாட்டை முழுதும் எடுத்துப் படித்தேன். வேதனைப்படும், இறக்கும், பிறக்கும். எந்த அடையாளங்களை வைத்து ஒரு தெய்வத்தைக் கீழே வைக்கவேண்டும் என்று அருணந்தியார் சொல்கிறாரோ, அவையே அக்கா தன் கடவுளிடம் கும்பிடுபவை. மாட்டுத்தொழுவில் பிறந்தார், வேதனைப்பட்டார், இறந்தார். நான் அவரை அணைத்துக்கொண்டதாக நினைத்த வரி, அவர் உயிராக நினைப்பதைக் குறையென்று சொல்லும் பாட்டின் முதல் பாதி.

அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அடுத்த சில வாரங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சித்தியாரையும் யோவான் நற்செய்தியின் பாடுகளின் பகுதியையும் சேர்ந்து படித்தோம். பிறவாத, இறவாத ஒருவன்தான் பிறந்து இறப்பவரைக் காக்கமுடியும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். பிறந்து இறந்தவரால்தான் முடியும் என்று அக்கா நினைக்கிறார். இயேசுவைச் சிவன் என்று அவரிடம் அதற்குப்பின் நான் சொன்னதில்லை.